எக்செல் ஆண்டுக் கலண்டர்: நிறம் விழுந்தும் நாள் தப்பும் இடங்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு வருடத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பைத்தான் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் கீழிறங்கும், 1 முதல் 31 வரையான நாட்கள் குறுக்கே போகும். சனி ஞாயிறுக்கு ஒரு நிறம், விடுமுறைக்கு இன்னொரு நிறம். நிறமே விழவில்லை என்றால் யாராவது உடனே கவனித்துவிடுவார்கள். தப்பான நாளில் விழுந்தால்தான் சிக்கல். தாள் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆண்டு B1 இல், மாத எண்கள் A4 முதல் A15 வரை, நாள் எண்கள் B3 முதல் AF3 வரை, விடுமுறைப் பட்டியல் AI4 முதல் கீழே, அதன் பெயர்கள் AJ இல் என்று வைத்துக்கொள்வோம்.

பெரிய பிழை பட்டியலில்தான் நடக்கிறது. பல கணினிகளில் விண்டோஸின் திகதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முன்னுக்கு வரும்படி, அப்படியே கிடக்கிறது. நாங்கள் எழுதுவதோ நாள் முன்னுக்கு. 2026 சுதந்திர தினத்துக்கு 04/02/2026 என்று அடித்தால் எக்செல் அதை ஏப்ரல் 2 என்று எடுத்துக்கொள்ளும். மே தினத்துக்கு 01/05/2026 என்று அடித்தால் ஜனவரி 5. இரண்டும் உண்மையான திகதிகள் என்பதால் எச்சரிக்கை எதுவும் வராது. ஜனவரி 5 திங்கட்கிழமை விடுமுறை நிறத்தில் நிற்கும், மே 1 வெள்ளையாக இருக்கும். தைப்பொங்கலுக்கு 15/01/2026 என்று அடித்தால் கதை வேறு. 15 ஆம் மாதம் கிடையாது, ஆகவே அது திகதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும். 13/04, 14/04, 25/12 எல்லாம் இதே வகை. ஒரே பட்டியலில் பாதி இடம் மாறியும் மீதி செத்தும் கிடப்பது இப்படித்தான்.

எழுத்தாகக் கிடப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் சீரமைப்பை மாற்றாத வரை திகதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். இடம் மாறியதைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்குப் பெயர்களுக்கு அடுத்த AK நிரலில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=TEXT(AI4,"dd mmm yyyy ddd")
```

சுதந்திர தினத்துக்கு நேரே Apr, Thu என்று வந்தால் விஷயம் வெளிச்சம். சுவர்க் கலண்டரில் அது பெப்ரவரி, புதன். திருத்த வேண்டுமென்றால் 2026-02-04 என்று ஆண்டை முன்னுக்கு வைத்துத் திரும்ப அடியுங்கள். எந்தக் கணினியிலும் அது சரியாக ஏறும். விண்டோஸ் அமைப்பை மாற்றுவதால் ஏற்கெனவே தப்பாக ஏறியவை தாமாகத் திருந்தாது.

சிலர் ஒரு படி மேலே போய், அடுத்த வருடமும் தானாக வரட்டும் என்று பட்டியல் முழுவதையும் சூத்திரமாக்கிவிடுகிறார்கள். பெப்ரவரி 4, மே 1, டிசம்பர் 25 போன்றவற்றுக்கு =DATE($B$1,2,4) என்ற முறை பொருந்தும். பொங்கலுக்குப் பொருந்தாது: 2025 இல் 14 ஆம் திகதி, 2026 இல் 15. சித்திரைப் புத்தாண்டை நிலையானது என்று நினைப்போம். ஆனால் 2024 இல் அந்த இரண்டு நாள் விடுமுறை ஏப்ரல் 12, 13 இல் வந்தது. போயா, சிவராத்திரி, தீபாவளி, பெருநாட்கள் எல்லாம் வர்த்தமானியைப் பார்த்துக் கையால் அடிக்க வேண்டியவை. B1 இல் ஆண்டை மாற்றிவிட்டுப் பட்டியலை மறந்தால், அவை ஓசைப்படாமல் மறைந்துவிடும்.

அடுத்தது, இல்லாத நாட்கள். DATE சூத்திரத்துக்குப் பெப்ரவரி 30 என்று கொடுத்தால் அது மறுக்காது, மார்ச் 2 ஐத் தந்துவிடும். அதனால் பெப்ரவரி வரிசையின் கடைசியில் 1, 2, 3 என்று மார்ச்சின் நாட்கள் வந்து உட்கார்ந்திருக்கும். மாதம் அதேதானா என்று கேட்டுவிட்டே நாளைப் போட வேண்டும்:

```
=IF(MONTH(DATE($B$1,$A4,B$3))=$A4,DATE($B$1,$A4,B$3),"")
```

இதைச் சரியாகச் செய்தவர்களும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டியல் பிறகு நீளலாம் என்று AI40 வரை இடம் விட்டிருப்போம். COUNTIF க்கு இந்த "" என்ற வெறுமையைக் கொடுத்தால் அது பட்டியலில் உள்ள வெற்றுக் கட்டங்களை எண்ணிக்கொண்டு வரும். விளைவு, பெப்ரவரி 30 உம் ஏப்ரல் 31 உம் விடுமுறை நிறத்தில் மின்னும். சூத்திரம் இல்லாமல் உண்மையாகவே காலியாக இருக்கும் கட்டத்தில் இன்னொரு வேடிக்கை: எக்செல் அதைப் பூச்சியம் என்று எடுக்கும், பூச்சியம் அதன் கணக்கில் சனிக்கிழமை. இரண்டுக்கும் ஒரே மருந்து, Conditional Formatting விதியில் ISNUMBER ஐச் சேர்ப்பது:

```
=AND(ISNUMBER(B4),COUNTIF($AI$4:$AI$40,B4)>0)
=AND(ISNUMBER(B4),WEEKDAY(B4,2)>5)
```

விடுமுறை விதி மேலே இருக்கட்டும். இரண்டும் ஒரே நாளில் மோதினால் மேலே உள்ள நிறம்தான் விழும்.

இரண்டாவது விதியில் அந்த 2 ஐ விட்டால் வாரம் ஞாயிறை 1 ஆகக் கொண்டு தொடங்கும். அப்போது வெள்ளியும் சனியும் நிறம் பெறும், ஞாயிறு வேலை நாளாக நிற்கும். பட்டியலுக்கு $ போட மறந்தால் அடையாளம் வேறு: ஒவ்வொரு மாதமும் 1 ஆம் திகதி நிரலில் மட்டும் விடுமுறை நிறம் வரலாம், மற்ற நிரல்களில் எதுவும் வராது. ஏனென்றால் அடுத்த நிரலுக்குப் போனதும் சூத்திரம் திகதிகளை விட்டுப் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கும். ஜனவரிக்குப் பெப்ரவரியின் சனி ஞாயிறு விழுந்தால், தெரிவு செய்த பகுதி B3 இல் தொடங்கியிருக்கிறது, சூத்திரமோ B4 க்கு எழுதப்பட்டிருக்கிறது. Applies to பெட்டியைப் பாருங்கள்.

நிறம் எல்லாம் சரி, இனி வேலை நாட்களை எண்ண வேண்டும். மொத்த நாட்களில் சனி ஞாயிறையும் விடுமுறைகளையும் கழித்துவிடுவது இங்கே வழக்கம். 2026 பெப்ரவரியை எடுங்கள். 28 நாள், சனி ஞாயிறு 8, பட்டியலில் 3: நவம் போயா 1 ஆம் திகதி, சுதந்திர தினம் 4, சிவராத்திரி 15. கழித்தால் 17. ஆனால் போயாவும் சிவராத்திரியும் ஞாயிறிலேயே வருகின்றன, இரண்டு தடவை கழிபட்டுவிட்டன. சரியான விடை 19. இதை எக்செலிடமே விட்டுவிடலாம்:

```
=NETWORKDAYS.INTL(DATE(2026,2,1),DATE(2026,2,28),1,$AI$4:$AI$40)
```

சனிக்கிழமையும் திறக்கும் இடமென்றால் நடுவில் உள்ள 1 க்குப் பதில் 11 போடுங்கள். ஞாயிறு மட்டும் கழியும், விடை 23.

இன்னொன்று, வன்னிக்கே உரியது. வற்றாப்பளை அம்மன் பொங்கல் அன்றோ ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா அன்றோ கூட்டம் வைத்தால் ஆள் வராது. ஆனால் வர்த்தமானிப் பட்டியலில் அவை இல்லை. அவற்றையும் AI நிரலில் திணிக்கிறார்கள். நிறம் வரும்தான், ஆனால் வார நாளில் வந்தால் வேலை நாள் கணக்கில் ஒன்று குறையும். வங்கியோ அன்று திறந்தே இருக்கும். அவற்றை AL இல் தனிப் பட்டியலாக வைத்து, மெல்லிய வேறொரு நிறத்தில் மூன்றாவது விதி எழுதுங்கள். NETWORKDAYS.INTL க்குள் AI மட்டும் போகட்டும்.