புளிப்பு வாடை பாலில் இல்லை, நீராவிக் குழாயில்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் போடும் காப்பி ஒரு வாரமாகப் புளித்த வாடை அடித்தது. பால்காரரை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம் பாலே இல்லாமல், பாலை நுரைக்கும் குழாயில் நீராவியைத் திறந்து முகர்ந்தேன். வாடை அதிலேயே வந்தது.

நீராவியை மூடியதும் குழாய் உள்ளே குளிர்ந்து, நுனியில் இருக்கும் பாலை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே துடைத்தால் அது போகாது. மெஷின் ஆறியபின் நுனியைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்தேன். துளையில் ஊசியை விட்டதும் மஞ்சள் ஏடு சுருண்டு வந்தது.

இப்போது பாலை நுரைத்த கையோடு குழாயை ஈரத்துணியால் துடைத்து, 3 விநாடி நீராவியைச் சும்மா விடுகிறேன். பால் நுரைக்கும் ஜக்கை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலசவேண்டும். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். ஜக்கின் மூக்கு மடிப்புக்குப் பழைய டூத் பிரஷ் வைத்திருக்கிறேன்.