ரெஸ்யூமேயின் ஒரு வரியை ரெக்ரூட்டருக்குப் புரியும்படி எழுதுவது எப்படி?

வேலைக்கு விண்ணப்பித்தவுடன் முதலில் தொலைபேசியில் அழைப்பவர் பெரும்பாலும் ரெக்ரூட்டர்தான். அவர் புரோகிராம் எழுதுபவராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு பொறியாளர்களிடம் ஒப்படைப்பவர். எனவே, அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்படி உங்கள் விளக்கம் அமைய வேண்டும். பின்வரும் வரியை மாற்றிப் பார்ப்போம்.

> RabbitMQ மூலம் இன்வாய்ஸ் உருவாக்கத்தை அசிங்க்ரனஸ் ஆக்கினேன்.

படி 1: யார் காத்திருந்தார் என்று தொடங்குங்கள். இந்த வரியின் பின்னணி இது என்று வைத்துக்கொள்வோம். இணையக் கடையில் வாடிக்கையாளர் ஆர்டர் பொத்தானை அழுத்தினால், சர்வர் ஆர்டரைப் பதிந்து, பில்லைத் தயாரித்து, அதை மின்னஞ்சலில் அனுப்பி முடித்த பிறகே உறுதித் திரையைக் காட்டியது. இதற்கு 9 விநாடிகள் வரை ஆனதால், சிலர் பொறுமையிழந்து மறுபடியும் அழுத்த, ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவானது. இந்தத் தொல்லையை யாரும் புரிந்துகொள்வார்.

படி 2: மாற்றத்தைக் கருவியின் பெயரின்றிச் சொல்லுங்கள். "ஆர்டர் பதிவானதும் உறுதித் திரை வந்துவிடும், பில் வேலை தனி வரிசையில் சேர்ந்து, பின்னணியில் நடக்கும்." இங்கே தபால் நிலையம், உணவகம் என்று உவமை தேட வேண்டாம் என்பது என் கருத்து, கேட்பவருக்கு உவமை மட்டும் நினைவில் தங்கி, வேலை மறந்துபோகும்.

படி 3: அளந்த எண்ணை மட்டும் தாருங்கள். "9 விநாடி 1 விநாடிக்குள் வந்தது" என்றால், எங்கே அளந்தீர்கள் என்பதும் கூடவே வர வேண்டும். சோதனைச் சர்வரில் அளந்ததை வாடிக்கையாளர் அனுபவமாகச் சொன்னால், அடுத்த சுற்றில் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

படி 4: "நாங்கள்", "நான்" இரண்டையும் பிரித்து எழுதுங்கள். திட்டத்தை மூவர் செய்திருந்து, பில் பகுதி மட்டும் உங்களுடையது என்றால், அப்படியே சொல்லுங்கள்.

படி 5: கருவிகளின் பெயரைக் கடைசியில் வையுங்கள். அவற்றை நீக்கிவிடக் கூடாது. வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களை ரெக்ரூட்டர் உங்கள் ரெஸ்யூமேயில் தேடுவார்.

> ஆர்டர் செய்தவர் 9 விநாடி வரை காத்திருந்த நிலையை மாற்றி, பில் வேலையைப் பின்னணிக்கு நகர்த்தி, உறுதித் திரை 1 விநாடிக்குள் வரும்படி செய்தேன் (சோதனைச் சர்வரில் அளந்தது). மூவர் குழுவில் பில் பகுதி என்னுடையது. கருவிகள்: Python, RabbitMQ.

படி 6: வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "பின்னணியில் பில் தயாராகாமல் போனால்?" என்று அவர் கேட்டால், ரெக்ரூட்டரும் அதையே கேட்கக்கூடும். வேலை முடிந்ததாகத் தகவல் வரும்வரை அது வரிசையிலிருந்து நீங்காதபடி அமைத்திருந்தால், "தோல்வியுற்ற பில் மறுபடியும் தயாரிக்கப்படும்" என்று ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லலாம். அதனால் ஒரே பில் எப்போதாவது இருமுறை போகக்கூடும் என்ற நுணுக்கத்தைப் பொறியாளருடனான சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.