"வேலை இருக்காம்" என்று அனுப்புமுன்: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சின் நம்பர், வங்கிக் கணக்கு, பஸ் கார்ட் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதற்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே சொல்ல வந்தது, காதில் விழும் வேலைத் தகவலை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பதைத்தான். ஊரில் "அங்க ஆள் எடுக்கிறாங்களாம், போய்ப் பாரும்" என்று சொன்னால் போதும். போய் வாசலில் நின்று கேட்டுவிட்டு வரலாம். இங்கே அந்த "எடுக்கிறாங்களாம்" ஒருவருக்கு ஒரு நாள் சம்பளத்தையும் இரண்டு பஸ்ஸையும் தின்றுவிடும்.

ஒரு வியாழன் இரவு, வெயர்ஹவுஸில் பொதி கட்டும் ஒருவர் "எங்கட இடத்தில ஆறு பேர் வேணுமாம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே குழுவில் போடாதீர்கள். முதலில், வெளியே சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். பிறகு, ஆள் எடுப்பது கம்பனியா ஏஜென்சியா, மணிக்கு எவ்வளவு, சிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள். ஒன்ராறியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து 17 டொலர் 60 சதம். அதற்குக் கீழே ஒரு தொகை சொல்லி "காசாகத் தருவார்கள்" என்றால் அந்தத் தகவல் அங்கேயே நிற்கட்டும். சம்பளச் சீட்டு இல்லாத வேலைக்கு வருமான வரிக்கு வேண்டிய ரி4 படிவம் வராது, பின்னாளில் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் அனுபவம் காட்டுவதும் கஷ்டம்.

வெள்ளி காலை, கம்பனியின் இணையதளத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து இடம் உண்மையா என்று கேளுங்கள். செய்தியோடு வந்த இலக்கத்துக்கு அல்ல. ஏஜென்சி என்றால் அதன் பெயரை ontario.ca தளத்தில் உள்ள அனுமதிப் பட்டியலில் தேடுங்கள். 2024 ஜூலை 1 முதல் தற்காலிக வேலை ஏஜென்சிகளுக்கும் ஆள்சேர்ப்பவர்களுக்கும் அனுமதிப் பத்திரம் கட்டாயம்.

பலரும் மாட்டுவது இந்த இடத்தில்தான். "பதிவுக்கு 150 டொலர், சின் நம்பரின் படம், இரண்டையும் இன்றே அனுப்புங்கள், திங்கள் வேலை" என்று ஒரு செய்தி சுற்றும். அனுப்பியவர் நல்லவர்; அவருக்கு அனுப்பியவரும் நல்லவர்; மூலத்தில் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்க ஏஜென்சிக்குச் சட்டப்படி இடமில்லை. சின் நம்பரை வேலை உறுதியான பிறகுதான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டாலே அது வேலை அல்ல. காசு போனவர் அந்த மூலத்தைத் திட்டப்போவதில்லை, கடைசியாக அனுப்பிய உங்களைத்தான் திட்டுவார். அதில் நியாயமும் இருக்கிறது.

சரிபார்த்த தகவலை இப்படி எழுதலாம்:

"பொதி கட்டும் வேலை, பின்ச் கிழக்குப் பக்கம். ஞாயிறு முதல் வியாழன், மாலை 6 முதல் இரவு 2:30, அரை மணி சம்பளமில்லாத இடைவேளை. மணிக்கு 18.50 டொலர். ஏஜென்சி ஊடாக, அனுமதிப் பத்திரம் இருக்கிறது, இன்று பார்த்தேன். பச்சை முக்கோணம் போட்ட பாதுகாப்புச் சப்பாத்து கட்டாயம். வேலை முடியும் நேரம் சப்வே இல்லை, 339 இரவு பஸ்தான். அங்கே வேலை செய்பவர் சொன்னது. புதன்கிழமைக்குப் பிறகு இதை நம்ப வேண்டாம்."

சப்பாத்து விஷயத்தை விட்டுவிட்டால் முதல் நாளே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். மாணவர் அனுமதியில் உள்ளவருக்கு இன்னொரு வரி வேண்டும். படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணிதான் வேலை செய்யலாம். இந்த வேலையில் மூன்று சிப்டுடன் அது முடிந்துவிடும். ஏஜென்சி ஐந்து நாளும் வரச் சொன்னால் அந்த வேலை அவருக்குப் பொருந்தாது.

இருநூறு பேர் உள்ள குழுவில் போடுவதைவிட, பொருந்தும் மூன்று நான்கு பேருக்குத் தனித்தனியாக அனுப்புவது மேல். அதற்குப் போனில் ஒரு சின்னப் பட்டியல் போதும்: யார் எந்தப் பக்கம் இருக்கிறார், இரவு வேலை செய்வாரா, போர்க்லிப்ட் சான்றிதழோ காவலாளி உரிமமோ இருக்கிறதா, எந்த விசா. ஆள் சேர்த்துவிட்டால் உங்களுக்குப் பணம் கிடைக்கும் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் முன்பு சொன்ன நல்ல தகவலையும் சந்தேகிப்பார்கள். தகவல் சொல்வது வேறு, "இவர் நல்ல வேலையாள்" என்று பெயர் கொடுப்பது வேறு. கூட வேலை செய்து பார்க்காதவருக்குப் பெயர் கொடுக்காதீர்கள், மச்சானாக இருந்தாலும்.

இடம் நிரம்பியதும் அனுப்பிய அதே நபர்களுக்கு "முடிந்தது" என்று ஒரு சொல் போடுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. போட்ட தகவல் மோசடி என்று பிறகு தெரிந்தால், சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். பார்த்தவர்களை ஒவ்வொருவராக அழையுங்கள். சின் கொடுத்துவிட்டவர் கடன் தகவல் நிறுவனங்களான ஈக்விபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் எச்சரிக்கைக் குறிப்புப் போடச் சொல்லிவிட்டு, கனடிய மோசடித் தடுப்பு மையத்தின் 1-888-495-8501 இலக்கத்தில் முறையிட வேண்டும். அழைக்கும்போது அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கட்டும்.