மெதுவாக ஓடும் கம்ப்ரஸருக்கு ஏன் கரண்ட் குறைவு? குன்னூர் சாக்லேட் அறையை வைத்து ஒரு கணக்கு

குன்னூரில் வீட்டோடு சேர்ந்த ஓர் அறையில் சாக்லேட் செய்து விற்கும் அக்கா ஒருவர், மெதுவாக ஓடும் இன்வெர்ட்டர் ஏ.சி.யைப் பற்றிக் கேட்ட கேள்வி இது: "அறையில இருக்கிற சூடு ஒண்ணுதானே தம்பி? அதைக் கொஞ்ச நேரம் வேகமா ஓடி வெளிய தள்ளினா என்ன, நாள் முழுக்க மெதுவா ஓடித் தள்ளினா என்ன? யூனிட் எப்படிக் குறையும்?"

நியாயமான கேள்வி. ஏ.சி. விற்கிற கடையில் கேட்டால் "அடிக்கடி ஸ்டார்ட் ஆகாது, அதனால் மிச்சம்" என்பார்கள். அது முழுப் பதில் இல்லை. அந்த அறையையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேனாவும் மொபைலில் ஸ்டாப்வாட்ச்சும் இருந்தால் போதும்.

படி 1: அறைக்குள் எவ்வளவு சூடு வருகிறது?

ஊற்றிய சாக்லேட் ஒழுங்காக இறுக, அறை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஈரப்பதமும் குறைவாக இருக்க வேண்டும். குன்னூரில் வெளியே 24 டிகிரிதான் என்றாலும் மதியத்தில் உள்ளே அந்த அளவு நிற்காது. உள்ளேயே சூடு பிறக்கிறது அல்லவா?

சாக்லேட் உருக்கும் பாத்திரம் சராசரியாக 600 வாட். வேலை செய்யும் மூன்று பேர், ஆளுக்கு 120 வாட் என்று 360. விளக்குகள் 60. மூலையில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் 180. தகரக் கூரையும் மேற்குப் பக்க ஜன்னலும் மதிய வெயிலில் உள்ளே விடுவது ஏறக்குறைய 800. கூட்டினால் 2,000 வாட். உங்கள் அறைக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் போடுங்கள். கரண்டில் ஓடுகிற எந்தப் பொருளும், அது இழுக்கிற வாட் அத்தனையையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் விடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

படி 2: பழைய ஏ.சி. அதை எப்படிச் சமாளிக்கிறது?

1.5 டன் ஏ.சி. என்றால் சுமார் 5,200 வாட் சூட்டை வெளியே தள்ளும். அதற்குச் சுமார் 1,550 வாட் கரண்ட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வகையில் கம்ப்ரஸர் மோட்டார் நம் லைனின் 50 ஹெர்ட்ஸில் நேரடியாக ஓடுகிறது. நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்குப் பக்கத்தில் ஒரே வேகம். ஒன்று ஓடும், இல்லை நிற்கும்.

வேண்டியது 2,000, தருவது 5,200. ஆகவே நூற்றுக்கு 38 பங்கு நேரம் ஓடினால் போதும்: ஆறு நிமிடம் ஓட்டம், ஒன்பது, பத்து நிமிடம் ஓய்வு என்ற மாதிரி. 1,550-இல் 38 பங்கு என்றால் சராசரியாக 590 வாட்.

ஆனால் நின்று நின்று ஓடுவதில் ஒரு சேதாரம் உண்டு. கம்ப்ரஸர் நின்றதும் வெளி யூனிட்டில் இருக்கும் சூடான கேஸ், அழுத்த வித்தியாசத்தால் மெல்ல உள் யூனிட்டின் குழாய்ச் சுருளான உள் காயிலுக்கு வந்துவிடும். குளிர்ந்திருந்த காயில் சூடாகிவிடும். மறுபடி ஓடத் தொடங்கியதும் முதல் ஓரிரு நிமிடம், அழுத்தம் பழைய நிலைக்கு வரும்வரை, கரண்ட் போகும். குளிர் அவ்வளவாக வராது. இதையும் சேர்த்தால் 650 வாட் என்று வைக்கலாம்.

ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் பெரிய கரண்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது 40 ஆம்பியர் வரை போகும், நிஜம்தான். விளக்கு ஒரு நொடி மங்குவதும் அதனால்தான். லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் நன்றாகவே தெரியும். ஆனால் அது அரை நொடிச் சமாச்சாரம். 230 வோல்ட், 40 ஆம்பியர், அரை நொடி என்று பெருக்கினால் ஒன்றேகால் வாட்-மணி. மணிக்கு நான்கு முறை ஸ்டார்ட் ஆனாலும் ஐந்து வாட்-மணிதான். 650-க்கு முன்னால் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் இங்கிருந்து வரவில்லை.

படி 3: இன்வெர்ட்டர் ஏ.சி. என்ன செய்கிறது?

வெளி யூனிட்டில் ஒரு போர்டு இருக்கும். அது லைன் கரண்டை முதலில் டி.சி. ஆக்கி, பிறகு வேண்டிய ஹெர்ட்ஸில் மூன்று ஃபேஸாக வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கிறது. மோட்டாரின் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தம். நிமிடத்துக்கு ஆயிரம் சொச்சம் சுற்றிலிருந்து ஐந்தாயிரம், ஆறாயிரம் வரை எந்த வேகத்திலும் ஓடும். அறை 20-ஐ நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, 2,000 வாட் சூட்டை மட்டும் தள்ளும் வேகத்தில் நிலைகொள்ளும்.

சரி, அக்காவின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதே 2,000 வாட்தானே?

படி 4: ஏற்றத்தின் உயரம்

ஏ.சி. சூட்டை உண்டாக்குவதில்லை, தூக்குகிறது: குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு. ஒரு லோடு காயை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற்றுவதும் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏற்றுவதும் ஒன்றா? லோடு ஒன்றுதான், டீசல் ஒன்றல்ல. மேட்டுப்பாளையம் 330 மீட்டர் உயரத்தில், ஊட்டி 2,200 மீட்டரில், குன்னூர் நடுவில் 1,700-க்கு மேல். செலவை முடிவு செய்வது எடை மட்டுமல்ல, ஏறும் உயரமும்தான்.

ஏ.சி.யில் அந்த உயரம் என்பது, உள் காயிலின் வெப்பநிலைக்கும் வெளி காயிலின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். இங்கேதான் வேகம் வந்து நுழைகிறது.

முழு வேகத்தில் ஓடும்போது வெளி காயில், அறையின் சூடும் கம்ப்ரஸரின் சூடும் சேர்த்து 6,700 வாட்டுக்கு மேல் காற்றில் விட வேண்டும். அவ்வளவு சூடு அந்தச் சின்னக் காயிலிலிருந்து வெளியேற வேண்டுமானால், அது வெளிக்காற்றைவிட 15 டிகிரியாவது சூடாக இருந்தாக வேண்டும். வெளியே 24 என்றால் காயில் 39 அல்லது 40. உள் காயிலும் அப்படித்தான்: 5,200 வாட்டை உறிஞ்ச, 20 டிகிரி அறையில் அது 7 டிகிரிக்கு இறங்க வேண்டும். ஏற்றம் 33 டிகிரி.

மெதுவாக ஓடும்போது அதே காயில்களுக்குப் பாதிக்கும் குறைவான வேலை. வெளி காயில் 24-க்கு மேலே 6 டிகிரி இருந்தால் போதும், 30. உள் காயில் 13 போதும். ஏற்றம் 17 டிகிரி.

ஏற்றம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மிச்சத்தின் பெரும்பகுதி இதுதான். பழைய ஏ.சி. ஓடுகிற அந்த ஆறு நிமிடமும் 33 டிகிரி ஏற்றத்தில்தான் ஓடுகிறது. ஓய்வு எடுப்பதால் ஏற்றம் குறைவதில்லை.

ஏற்றம் பாதியானால் கரண்டும் பாதியாகும் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு ஃபேனும் போர்டும் சேர்ந்து எப்போதும் கொஞ்சம் சாப்பிடும். மெதுவாக ஓடும்போது கம்ப்ரஸரின் உள்கசிவும் உறைக்கத் தொடங்கும். முழு வேகத்தில் ஒரு வாட்டுக்கு 3.3 வாட் சூடு தள்ளுகிற மெஷின், இந்த வேகத்தில் 4.8 தள்ளும் என்று வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். 2,000-ஐ 4.8-ஆல் வகுத்தால் சுமார் 420 வாட்.

அங்கே 650, இங்கே 420. பத்து மணி நேரத்துக்கு 6.5 யூனிட்டும் 4.2 யூனிட்டும். நாளைக்கு 2.3 யூனிட் மிச்சம். உங்கள் இணைப்பின் யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: மீட்டரில் சரிபாருங்கள்

இ.பி. மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் `3200 imp/kWh` மாதிரி ஓர் எண் இருக்கும். 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். ஏ.சி. தவிர மற்ற எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, பத்து மினுக்கலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். அதைப் பத்தால் வகுத்தால் வருவது t.

```
W = 3600000 / (3200 × t)
```

பழைய ஏ.சி. ஓடும்போது பத்து மினுக்கல் ஏழு நொடியில் முடிந்துவிடும். கம்ப்ரஸர் நின்றதும் விளக்கு தூங்கிவிடும். உள் ஃபேனுக்கு மட்டும் அரை நிமிடத்துக்கு ஒரு மினுக்கல். இன்வெர்ட்டரில், போட்ட அரை மணி கழித்துப் பார்த்தால், பத்து மினுக்கலுக்கு 27 நொடி அளவில், கிட்டத்தட்ட சீராக வரும். உருக்கும் பாத்திரத்தை அணைத்துவிட்டதால் சுமை குறைந்து, சிறிது நேரத்தில் மினுக்கல் இன்னும் மெதுவாகும். அதையும் பாருங்கள், வேகம் குறைவது கண்ணெதிரே தெரியும்.

அரை மணி கழித்தும் ஏழு நொடியிலேயே நிற்கிறதா? முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். அப்புறம் ரிமோட்டில் 16 வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எட்ட முடியாத எண்ணைத் துரத்தச் சொன்னால் இன்வெர்ட்டரும் முழு வேகத்தில்தான் ஓடும். வெளி யூனிட்டை ஈரம் படாமல் வைக்கிறேன் என்று தார்ப்பாயைச் சுற்றிக் கட்டியிருப்பதையும் இங்கே நிறையப் பார்க்கிறேன். விட்ட சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டு நிற்கும்.

படி 6: மலையில் மட்டும் வரும் சிக்கல்

உள் காயில் 13 டிகிரி என்றேன். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், காற்றிலுள்ள ஈரம் நீராக மாறுவது 12 டிகிரிக்குக் கீழேதான். ஆக 13 டிகிரி காயிலில் ஈரம் படியவே படியாது. யூனிட் குறைவு, அறை குளிர்ச்சி, ஆனால் ஈரம் அப்படியே. மூடுபனி இறங்கும் நாளில் சாக்லேட்டின் மேல் ஈரம் பிடித்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெள்ளை பூக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஏ.சி. ஓடும்போது வெளியே வரும் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். சொட்டு நின்றுபோயிருந்தால் ஈரம் எடுக்கவில்லை. அப்போது உள் ஃபேனைக் குறைந்த வேகத்தில் வையுங்கள், அல்லது ரிமோட்டில் `Dry` போடுங்கள். காற்று குறைந்தால் காயில் இன்னும் குளிரும், சொட்டு திரும்பும். யூனிட் கொஞ்சம் கூடும். சாக்லேட் கெடுவதைவிட அது மேல். பழைய ஏ.சி. இதில் உத்தமம் என்றும் இல்லை: ஓடும்போது பிடித்த ஈரத்தை, நின்றிருக்கும்போது ஃபேன் ஊதி மறுபடி அறைக்கே அனுப்பிவிடும்.

வாங்கும் முன்

இன்வெர்ட்டருக்கும் ஓர் அடிமட்ட வேகம் உண்டு. 1.5 டன் மெஷினால் ஓராயிரம் வாட்டுக்குக் கீழே இறங்க முடியாமல் போகலாம். மாலையில் ஆட்கள் போய், உருக்கும் பாத்திரத்தை அணைத்ததும் சுமை 500 வாட் ஆகிவிட்டால், அதுவும் நின்று நின்றுதான் ஓடும். இந்த அறைக்கு 1 டன்னே சரி. அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். படி 1-இன் பட்டியல் இதற்கும்தான்.

ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் வருட யூனிட்டை இங்கே அப்படியே எடுக்க வேண்டாம். அந்த `ISEER` கணக்கு வெளி வெப்பநிலை 24-லிருந்து 43 டிகிரி வரை, வருடத்துக்கு 1,600 மணி நேரம் என்று போடப்பட்டது. குன்னூர் அந்தக் கணக்கின் அடிமுனையில், பல நாள் அதற்கும் கீழே இருக்கிறது. முழுக் கொள்ளளவுக்கும் பாதிக் கொள்ளளவுக்கும் எத்தனை வாட் என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். நமக்குப் பாதிதான் முக்கியம்.

அப்புறம், விருந்தாளி வரும்போது மட்டும், சித்திரை வெயிலில் நாலு நாள் போடுகிற ஏ.சி. என்றால் விலை வித்தியாசம் திரும்பி வர ரொம்ப வருடம் ஆகும். அந்த அறைக்கு ஒரு சீலிங் ஃபேன் மாட்டுங்கள்.