இன்சுலேஷன் சுற்றும் முன் கையெழுத்து வாங்குங்கள்

டெஸ்ட் பிளானில் ஒரு சோதனையை விட்னஸ் பாயின்ட் என்று குறித்திருந்தால், முறைப்படி அழைத்தும் கன்சல்டன்ட் வராவிட்டால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் நாமே சோதித்துப் பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடரலாம். ஹோல்ட் பாயின்ட் அப்படியல்ல. எழுத்தில் ஒப்புதல் வரும்வரை அடுத்த வேலையில் கை வைக்கக் கூடாது.

ஏசி சில்டு வாட்டர் பைப்பை எடுத்துக்கொள்வோம். பிரஷர் டெஸ்ட் முடியாமல் இன்சுலேஷன் சுற்றினால் வெல்டு, பிளேஞ்ச் எல்லாம் மறைந்துவிடும். ஒரு சைட்டில் "நாளைக்குக் கையெழுத்து வந்துடும்" என்ற வாய்வார்த்தையை நம்பி சுற்றவிட்டேன். அப்புறம் ஒரு மாடி முழுக்கப் பிரித்தோம்.

வேலை அழுத்தம் 10 பார், ஸ்பெக்கில் ஒன்றரை மடங்கு என்றால் 15 பாரில் சோதனை. அந்த அழுத்தம் தாங்காத கூலிங் காயில், பெல்லோஸ் போன்றவற்றை முதலில் தனிமைப்படுத்துங்கள். நீரை மெதுவாக நிரப்பி, உச்சியிலுள்ள ஏர் வென்ட் வழியாகக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். உள்ளே காற்று தங்கினால் சிறு கசிவு இருந்தும் கேஜ் முள் சட்டென்று இறங்காது, நாமும் ஏமாந்துவிடுவோம். தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலையைக் குறியுங்கள். இரவுக் குளிரில் அழுத்தம் குறைவது கசிவாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு மூட்டையும் கையால் தடவிப் பார்த்த பிறகே அப்படிச் சொல்லுங்கள்.

கன்சல்டன்டுக்கு அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் எந்த மாடி, எந்த கிரிட், எந்த டிராயிங் ரிவிஷன் என்று எழுதுங்கள். கேஜின் காலிபரேஷன் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால், வந்தவர் அப்படியே திரும்பிவிடுவார்.