படத்துடன் வராத கேள்வி

கேத்தி பள்ளத்தாக்கில் நான் உரக்கடை வைத்திருக்கிறேன். ஒரு மழைக்கால மாலையில், வாடிக்கையாளர் ஒருவர் உருளைக்கிழங்கு இலையின் படத்தை அனுப்பி, "அண்ணா, இதைப் பாருங்க" என்று மட்டும் எழுதியிருந்தார். இலையில் ஈரம் கோர்த்த கரும்பழுப்புப் புள்ளிகளும் அடிப்புறத்தில் வெண்பூஞ்சை விளிம்பும் தெரிந்ததால், பின்பருவ இலைக்கருகல் என்று கண்டுகொண்டு, மருந்துதான் கேட்கிறார் என நானே முடிவுசெய்து, மேன்கோசெப் தெளிக்கும் அளவை எழுதி அனுப்பினேன்.

நோயைச் சரியாகச் சொன்னேன், கேள்வியைத்தான் தவறவிட்டேன். அவர் பயிருக்கு அப்போதே 100 நாள் கடந்திருந்தது. தோண்டலாமா என்பதே அவர் கேட்க நினைத்தது. மருந்தின் பெயர் வந்ததும், பயிரை இன்னும் நிறுத்தி வைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தார். மேன்கோசெப் நோயைத் தடுக்குமே தவிர, பற்றிய இலையைக் குணப்படுத்தாது; இலையிலிருந்து மழைநீரோடு இறங்கிய நோய் வித்துகள் மண்ணுக்குள் கிழங்கைப் பிடித்தன. பிறகு தோண்டியபோது, தோலுக்கு அடியில் செம்பழுப்பு அழுகல். அந்த வயதுப் பயிருக்கு, செடியை அறுத்து அப்புறப்படுத்தி, தோல் முற்ற இரண்டு வாரம் விட்டுத் தோண்டச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது வெறும் படம் வந்தால், "மருந்து வேணுமா, தோண்டலாமான்னு கேட்கிறீங்களா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். பாதிப் பேர் இரண்டுமில்லை என்கிறார்கள்.