திட்டச் சுருக்கத்தைப் பிழை பார்ப்பது எப்படி? இருபது மூட்டை நெல்லிடம் நான் கற்ற பாடம்

மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை போட என் மச்சான் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். முழுத் திட்ட அறிக்கை நாற்பது பக்கம். அதன் முன்னால் இரண்டு பக்கச் சுருக்கம். "மாப்ள, நீதான் எழுத்து வேலை பாக்குற, ஒரு தடவ பாத்துக் குடு" என்றார். நானும் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் திருத்திக் கொடுத்தேன். வங்கி அதிகாரி பத்து நிமிடம் படித்தார், கால்குலேட்டரைத் தட்டினார், பிறகு நிமிர்ந்து பார்த்தார்: "தம்பி, நீங்க வாங்குற நெல்லை விட அரிசி அதிகமா வருதே?"

அன்று திரும்பி வந்து, அதே இரண்டு பக்கத்தோடு உட்கார்ந்து நான் செய்த வேலைதான் இது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. திரும்ப வரும் வாக்கியங்கள்

சுருக்கம் என்பது பெரும்பாலும் பெரிய அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியதுதான். அதனால் ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும். படிக்கச் சலிப்பாக இருக்கும் என்பதை விடுங்கள். ஒன்றைத் திருத்திவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவோம், எண்கள் முரண்படுவது அங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் இது முதல் வேலை.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கண்டுபிடித்து மாற்றும் பெட்டியைத் திறந்து, `Regular expressions` என்பதை டிக் செய்துவிட்டு, தேடும் இடத்தில் `\. ` என்றும் (புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி உண்டு) மாற்றும் இடத்தில் `.\n` என்றும் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் தனி வரியாகிவிடும். "ரூ. 72" என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் அதுவும் உடையும், அதை முதலில் "ரூ.72" ஆக்கிவிடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் கூகுள் ஷீட்ஸில் A பத்தியில் ஒட்டி, B1-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(A:A,A1)
```

2, 3 என்று வரும் வரிகள் அச்சு அசலாகத் திரும்பியவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். எக்செலில் 255 எழுத்துக்கு மேல் போகும் நீள வாக்கியங்களுக்கு இந்தச் சூத்திரம் சரியாக வேலை செய்யாது, அதனால் நான் ஷீட்ஸ் பக்கமே போவது.

(பின்னர் சேர்த்தது: ஒரே வாக்கியம்தான், ஆனால் 1 என்றே காட்டுகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் கோப்பில் ஒரு பாதி பிடிஎஃப்-இலிருந்து எடுத்தது. அதில் "கொ" என்பதில் ஒற்றைக்கொம்பும் காலும் இரண்டு தனித்தனிக் குறியீடுகளாக இருந்தன. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. அப்படிப்பட்ட வரிகளைக் கையால் திரும்பத் தட்டச்சு செய்வதே சுலபம்.)

வேறு சொல்லில் திரும்பி வரும் வாக்கியத்தை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. மச்சானின் முதல் பக்கத்தில் "தினமும் 20 மூட்டை நெல் அரைக்கப்படும்" என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் "ஆலையின் அன்றாட அரவை 800 கிலோ". இரண்டும் ஒரே செய்தி. நான் இதை இரண்டு தனிச் செய்தி என்று நினைத்துக் கடந்து போனேன்.

2. எண்கள்

என்னைக் கவிழ்த்தது இந்தப் படி. எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சுருக்கத்தை அச்செடுங்கள். போனில் வேண்டாம், மேலும் கீழும் தள்ளும்போது முந்தைய எண் மறந்துபோகும். சிவப்புப் பேனாவால் எல்லா எண்களையும் வட்டமிடுங்கள், எழுத்தில் எழுதிய "பதினெட்டு லட்சம்" போன்றவற்றையும் சேர்த்து. பிறகு ஒரு தாளில் ஒவ்வொன்றையும் அளவோடு எழுதுங்கள்: எது, எவ்வளவு, எந்த அலகு, எத்தனை நாளுக்கு.

எங்கள் தாளில் வந்தவற்றில் முக்கியமானவை இவை. நாளுக்கு 20 மூட்டை. ஆண்டுக்கு 300 நாள். அரிசி விற்பனை 245 டன், கிலோ 50 ரூபாய். நெல் கொள்முதல் 72 லட்சம் ரூபாய். நெல் விலை கிலோ 30 ரூபாய். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றமில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்: 72 லட்சத்தை 30-ஆல் வகுத்தால் 240 டன் நெல். 240 டன் நெல்லில் 245 டன் அரிசி!

எப்படி வந்தது இது? டெல்டாவில் மூட்டை என்றால் இரண்டு எடை. வியாபாரியிடம் பேசும் நெல் மூட்டை 60 கிலோ. அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் சிப்பம் 40 கிலோ. மச்சான் உற்பத்தியை 60 கிலோவில் போட்டிருக்கிறார்: 20 மூட்டை, 300 நாள், 360 டன் நெல், அதில் 68 சதவீதம் அரிசி, ஆக 245 டன். செலவுக் கணக்கு போட்ட தம்பி கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்தவர், அவருக்கு மூட்டை என்றால் 40 கிலோ. 20 மூட்டை என்றால் 800 கிலோ, ஆண்டுக்கு 240 டன். இரண்டு பேரும் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள்.

68 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அரசு கொள்முதல் செய்த நெல்லை ஆலைக்கு அரவைக்குக் கொடுக்கும்போது, 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ திருப்பித் தர வேண்டும் என்று வாங்கும் அளவு அது. தவிடு நீக்காமல் விற்றால் இன்னும் கூடும். ஆனால் உமியே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே அரிசி அளவு நெல்லில் 80 சதவீதத்தைத் தாண்டி எங்காவது தெரிந்தால் நிறுத்திப் பாருங்கள்.

திருத்தியபோது வலித்தது. நெல் உண்மையில் 360 டன் வேண்டும், அதன் விலை 1 கோடியே 8 லட்சம். விற்பனை 1 கோடியே 22.5 லட்சம்தான். நெல் செலவு போக 50.5 லட்சம் நிற்கும் என்று காட்டியது 14.5 லட்சமாகச் சுருங்கியது, மின்சாரமும் கூலியும் கழிப்பதற்கு முன்பே. பிழை பார்க்கிறவர் இந்த எண்ணை மாற்ற முடியாது. எழுதியவரிடம் காட்டி அவரையே முடிவெடுக்கச் சொல்ல வேண்டும். நீங்களாக ஒன்றைத் தேர்ந்து சரிக்கட்டினால் இன்னொரு பிழை உருவாகும்.

சுருக்கத்தில் எல்லாவற்றையும் கிலோவிலும் டன்னிலும் எழுதிவிட்டு, மூட்டை என்று ஓரிடத்தில் வந்தாலும் "60 கிலோ மூட்டை" என்று போட்டுவிடுங்கள்.

3. ஊதிப் பெருக்கியவை

இது சீக்கிரம் முடியும். "யார் அளந்தது?" என்று ஒவ்வொரு பெருமைப் பேச்சையும் கேளுங்கள்.

"100% ஆர்கானிக்" என்று இருந்தது. நெல் தரும் உழவர்கள் இரண்டு வருடமாக ரசாயனம் போடவில்லை என்பது உண்மைதான். ஆனால் என்பிஓபி அல்லது பிஜிஎஸ் என்ற இயற்கை வேளாண்மைச் சான்று எதுவும் கையில் இல்லை. "ரசாயன உரமின்றி விளைவித்த நெல், சான்றுக்கு விண்ணப்பிக்க உள்ளோம்" என்று மாற்றினோம்.

"சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மாப்பிள்ளைச் சம்பா" என்பதை அடித்தேவிட்டேன். 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயத்தீர்வு விளம்பரச் சட்டம் தடுக்கும் நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. மச்சான் முணுமுணுத்தார். இருக்கட்டும்.

"போட்டியே இல்லை" என்று எழுதியவர் கடைத்தெருவில் நடந்ததில்லை போலிருக்கிறது. "மக்களிடையே அமோக வரவேற்பு" என்பதற்குப் பதிலாக, திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் கடை போட்டு இரண்டு நாளில் 140 கிலோ விற்ற கணக்கைப் போட்டோம். சின்ன எண்தான், ஆனால் பில் புத்தகம் இருக்கிறது.

பின்குறிப்பு: நிலப்பரப்பிலும் இதே வில்லங்கம் இருக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் பார்த்த திட்டத்தில் ஓரிடத்தில் "15 மா", இன்னோரிடத்தில் "15 ஏக்கர்". மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். எண்களை எழுதும் தாளில் மா, வேலி என்ற நில அளவுகளையும் ஏக்கராக்கி எழுதிக்கொள்ளுங்கள்.